கேமரா போர்ட்டில் டேக் ஏன் இல்லை, ஃபைபர் போர்ட்டில் ஏன் இருக்கிறது?

கேள்வி: "காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில கேமரா வேலை. ஆபீஸ் ஸ்விட்ச்சும் ஷெட் ஸ்விட்ச்சும் ஒரே ஃபைபர்ல கனெக்ட் ஆகியிருக்கு. 'கேமரா போர்ட்டை அக்சஸ்ல போடு, ஃபைபர் போர்ட்டை டேக் பண்ணு'ன்னு சீனியர் சொன்னார். செஞ்சேன், ஓடுது. ஆனா வீலேன்னா உண்மையில என்ன, ஒரு போர்ட்ல டேக் வேணும் இன்னொன்னுல வேண்டாம்னா ஏன்னு புரியல சார். வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது."

முதலில் ஃபைபரை மறந்துவிடுங்கள். ஆபீஸில் இருக்கும் ஒற்றை ஸ்விட்ச்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெட்டியிலிருந்து பிரித்து, எந்த செட்டிங்கும் செய்யாமல் கரண்ட் கொடுத்த ஸ்விட்ச் இரண்டே வேலைதான் செய்யும். ஒரு போர்ட்டில் ஃபிரேம், அதாவது கேபிளில் போகும் ஒரு தரவுப் பொட்டலம், உள்ளே வந்தால், அதை அனுப்பிய சாதனத்தின் மேக் முகவரியைப் பார்த்து 'இந்த முகவரி இந்தப் போர்ட்டில் இருக்கிறது' என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று பார்க்கும். அந்த முகவரி அட்டவணையில் இருந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டாலோ, எல்லோருக்கும் என்று அனுப்பப்பட்ட பிராட்காஸ்ட்டாக இருந்தாலோ, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் நகல் அனுப்பிவிடும்.

இந்தக் கடைசி வரியில்தான் வீலேனின் தேவை இருக்கிறது. ஒரு கணினி ஆன் ஆனதும் 'எனக்கு ஐபி கொடுப்பவர் யார்?' என்று டிஹெச்சிபி கேள்வியை எல்லோருக்கும் அனுப்புகிறது. இன்னொரு சாதனத்தோடு பேச வேண்டுமென்றால் 'இந்த ஐபி யாருடையது?' என்று ஏஆர்பி கேள்வியை எல்லோருக்கும் அனுப்புகிறது. இப்படி ஒருவர் கூப்பிட்டால் காதில் விழும் எல்லைக்குள் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நெட்வொர்க். அந்த எல்லையை, ஸ்விட்ச்சின் இரும்புப் பெட்டியை உடைக்காமல், உள்ளுக்குள்ளேயே துண்டாக்குவதுதான் வீலேன். போர்ட் 1 முதல் 8 வரை வீலேன் 10, போர்ட் 9 முதல் 16 வரை வீலேன் 20 என்று போட்டால், அந்த ஒரு பெட்டி இரண்டு தனி ஸ்விட்ச்சாக நடந்துகொள்ளும். 10-இல் வந்த பிராட்காஸ்ட் 20-க்குப் போகாது. மேக் அட்டவணையும் வீலேன் வாரியாகவே இருக்கும். 20-இல் இருக்கும் கேமராவின் முகவரியை 10-இல் தேடினால் கிடைக்காது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன், கேமரா வேலை செய்பவர்களிடம் இது அதிகம். 'கேமரா வீடியோ எல்லாக் கணினிக்கும் போய் நெட் ஸ்லோ ஆகுது, அதனால வீலேன் போடு' என்பார்கள். கேமரா என்விஆருக்கு அனுப்பும் வீடியோ பொதுவாக ஒரே ஒருவருக்கான போக்குவரத்து. ஸ்விட்ச் அதை என்விஆர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும்தான் அனுப்பும். பில்லிங் கணினியின் கேபிளில் அது ஓடவே ஓடாது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் உள்ள ஃபைபரில் நெரிசல் என்றால், வீலேன் போட்ட பிறகும் அதே ஃபைபரில்தான் எல்லாம் போகும், நெரிசல் குறையாது. வீலேன் போடும் காரணம் வேறு. ஷெட்டில் யாரோ பழைய வீட்டு வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகினால், அந்த ரவுட்டர் தானும் ஐபி கொடுக்க ஆரம்பித்துவிடும். வீலேன் இல்லாவிட்டால் ஆபீஸ் கணினிகள் அந்தத் தவறான ஐபியை வாங்கிக்கொண்டு பில் போட முடியாமல் நிற்கும். வீலேன் இருந்தால் பாதிப்பு அந்த ஒரு வீலேனோடு நின்றுவிடும். அதேபோல, பாஸ்வேர்டு மாற்றாத ஒரு கேமராவுக்குள் எவராவது நுழைந்தாலும், அங்கிருந்து நேராகக் கணக்குக் கணினியைத் தொட முடியாது.

இப்போது ஷெட்டுக்குப் போவோம். உங்கள் இடத்தின் உண்மையான எண்கள் வேறாக இருக்கலாம்; விளக்கத்துக்கு இப்படி வைத்துக்கொள்கிறேன். ஆபீஸில் 24 போர்ட் ஸ்விட்ச்: 1 முதல் 8 வரை ஆபீஸ் கணினிகள், 12-இல் என்விஆர், 23-இல் ரவுட்டர், 24-இல் ஃபைபர். ஷெட்டில் 8 போர்ட் ஸ்விட்ச்: 1 முதல் 4 வரை கேமராக்கள், 5-இல் எடை மேடைக் கணினி, 8-இல் ஃபைபர். எடை மேடைக் கணினி ஆபீஸ் பில்லிங்கோடு பேச வேண்டும், அதனால் அது வீலேன் 10. கேமராக்களும் என்விஆரும் வீலேன் 20.

இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் டேக் இல்லாமலே இதைச் செய்ய முடியும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கேபிள் இழுத்தால் போதும். ஆபீஸ் ஸ்விட்ச்சில் வீலேன் 10-இல் உள்ள ஒரு போர்ட்டிலிருந்து ஷெட் ஸ்விட்ச்சில் வீலேன் 10-இல் உள்ள ஒரு போர்ட்டுக்கு ஒன்று, வீலேன் 20-க்கு இன்னொன்று. முதல் கேபிளில் வருவதெல்லாம் 10, இரண்டாவதில் வருவதெல்லாம் 20. கேபிளே அடையாளம், அதனால் ஃபிரேமில் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு விருந்தினர் வைஃபைக்கு வீலேன் 30 வந்தால் மூன்றாவது இணைப்பு, ஐபி போனுக்கு நான்காவது. இருப்பதோ ஒரே ஃபைபர் இணைப்பு. செப்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது என்பதால்தான் அங்கே ஃபைபரே போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வீலேனுக்கும் புதிதாக இழுக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். ஆகவே ஒரே இழையில் 10-ம் 20-ம் கலந்து போக வேண்டும். கலந்து போனால், மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச் எது எதனுடையது என்று எப்படிப் பிரிக்கும்? ஃபிரேமின் மேலேயே எழுதியிருந்தால்தான் பிரிக்க முடியும். அந்த எழுத்துதான் டேக்.

அது எவ்வளவு சிறியது என்று பார்த்துவிடுவோம், பார்த்தால் பயம் போய்விடும். 802.1கியூ என்ற தரநிலை இதை வரையறுக்கிறது. 1998-இல் முதலில் வெளியானது, இன்று எந்தக் கம்பெனி ஸ்விட்ச்சும் இதைத்தான் பின்பற்றுகிறது. ஈதர்நெட் ஃபிரேமில் முதலில் பெறுபவர் மேக், அடுத்து அனுப்புபவர் மேக். அதற்கு அடுத்தபடியாக 4 பைட் செருகப்படுகிறது. முதல் 2 பைட்டில் `0x8100` என்று இருக்கும். 'அடுத்து வருவது டேக்' என்பதற்கு அது அறிவிப்பு. அடுத்த 2 பைட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் நெரிசலில் எதைக் கைவிடலாம் என்று சொல்ல, மீதி 12 பிட் வீலேன் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 எண்கள் அடங்கும். 0-வையும் 4095-ஐயும் வீலேனுக்குப் பயன்படுத்துவதில்லை, அதனால் உங்களுக்குக் கிடைப்பது 1 முதல் 4094 வரை. 1518 பைட்டாக இருந்த ஃபிரேமின் உச்ச அளவு இதனால் 1522 ஆகிறது. அவ்வளவுதான் டேக்.

இப்போது ஷெட்டில் மூன்றாவது போர்ட்டில் உள்ள கேமராவின் ஒரு ஃபிரேமைப் பின்தொடருங்கள். கேமராவின் ஐபி 192.168.20.11, என்விஆர் 192.168.20.5. கேமரா 'யார் 20.5?' என்று ஏஆர்பி கேட்கிறது. கேமராவுக்கு வீலேன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. சாதாரண, டேக் இல்லாத ஃபிரேமைத்தான் அனுப்புகிறது. அது போர்ட் 3-க்குள் நுழைகிறது. போர்ட் 3 வீலேன் 20-இன் அக்சஸ் போர்ட். அதனால் ஸ்விட்ச் 'இந்தப் போர்ட்டில் எழுத்தில்லாமல் வருவதெல்லாம் 20' என்று முடிவு செய்கிறது. இந்த முடிவை ஃபிரேம் சொல்லவில்லை, போர்ட்தான் சொல்கிறது. அக்சஸ் போர்ட் என்பதன் மொத்தச் சாரமும் இதுதான்.

பிறகு ஸ்விட்ச் வீலேன் 20-இல் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறது. போர்ட் 1, 2, 4 இருக்கின்றன. அவை கேமராக்களுக்கான அக்சஸ் போர்ட்கள், ஆகவே டேக் இல்லாமலே நகல் போகிறது. போர்ட் 5 எடை மேடை, அது 10, அதற்குப் போகாது. போர்ட் 8 ஃபைபர்; அங்கே 20 டேக்குடன் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே 4 பைட்டைச் செருகி, ஃபிரேமின் கடைசியில் உள்ள பிழை சோதனை எண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஆபீஸ் ஸ்விட்ச்சின் போர்ட் 24 அதைப் பெறுகிறது. இந்த முறை போர்ட் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. டேக்கில் 20 என்று எழுதியிருக்கிறது, படித்துக்கொள்கிறது. ஆபீஸில் வீலேன் 20-இல் போர்ட் 12 இருக்கிறது, அங்கே டேக்கைக் கழற்றிவிட்டு என்விஆருக்குக் கொடுக்கிறது. என்விஆரின் பதில் இதே வழியில் திரும்பி வருகிறது. டேக் ஃபைபரில் மட்டும் ஏறி, ஷெட்டில் இறங்கிவிடும்.

கேமரா போர்ட்டில் டேக்குடன் அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரியும். கேமரா மேக் முகவரிகளுக்கு அடுத்து, உள்ளே இருப்பது ஐபியா ஏஆர்பியா என்று சொல்லும் இரண்டு பைட்டை எதிர்பார்க்கிறது. அந்த இடத்தில் `0x8100` வந்தால், வீலேன் அமைக்கப்படாத சாதாரணச் சாதனம் அந்த ஃபிரேமைக் கண்டுகொள்ளாது. லிங்க் விளக்கு எரியும், பேச்சு நடக்காது. ஆகவே விதி எளிது: மறுமுனையில் இருப்பது டேக்கைப் படிக்கத் தெரிந்ததா, ஒன்றுக்கு மேற்பட்ட வீலேன் அந்த ஒரு கேபிளில் போக வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் டேக். கணினி, கேமரா, பிரிண்டர், என்விஆர் என்றால் அக்சஸ். ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச், ஸ்விட்ச்சுக்கு ரவுட்டர் என்றால் ட்ரங்க், அதாவது பல வீலேன்களை டேக்குடன் கடத்தும் போர்ட். இரண்டு மூன்று வைஃபை பெயர்களைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டும், பின்னால் ஒரு கணினியைத் தொங்கவிடும் ஐபி போனும் பார்ப்பதற்குக் கடைசிச் சாதனம் போல இருந்தாலும் டேக் படிக்கத் தெரிந்தவை. அவற்றின் போர்ட் பாதி அக்சஸ், பாதி ட்ரங்க் போல இருக்கும்.

சிஸ்கோ வகைக் கட்டளைகளில் ஷெட் ஸ்விட்ச் இப்படி இருக்கும். இடைமுகத்தின் பெயர் மாடலுக்கு மாடல் மாறும். சில பழைய மாடல்களில் ட்ரங்க் வரிக்கு முன் `switchport trunk encapsulation dot1q` என்றும் கொடுக்க வேண்டும்.

```
vlan 10
 name OFFICE
vlan 20
 name CAMERA
interface range GigabitEthernet0/1 - 4
 switchport mode access
 switchport access vlan 20
interface GigabitEthernet0/5
 switchport mode access
 switchport access vlan 10
interface GigabitEthernet0/8
 switchport mode trunk
 switchport trunk allowed vlan 1,10,20
```

ஆபீஸ் ஸ்விட்ச்சிலும் அதே இரண்டு வீலேன்களையும் உருவாக்கி, போர்ட் 24-ஐ இதேபோல ட்ரங்க் ஆக்க வேண்டும். ட்ரங்க்கில் 20-ஐ அனுமதித்துவிட்டு, அந்த ஸ்விட்ச்சில் `vlan 20` என்று உருவாக்க மறந்தால், ஃபிரேம் அங்கே வந்து அப்படியே கைவிடப்படும். கடைசி வரியில் 1-ஐ ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். புது ஸ்விட்ச்சின் நிர்வாக ஐபி வழக்கமாக வீலேன் 1-இல் இருக்கும். ஆபீஸில் உட்கார்ந்து ஷெட் ஸ்விட்ச்சை மாற்றிக்கொண்டிருக்கும்போது `10,20` என்று மட்டும் கொடுத்தால், எண்டர் தட்டிய கணமே ஷெட் ஸ்விட்ச் உங்கள் கையை விட்டுப் போய்விடும். நிர்வாகத்துக்குத் தனி வீலேன் வைப்பதே நல்ல பழக்கம். அதை வைத்து, எல்லா ஸ்விட்ச்சும் அதில் பேசுகிறது என்று சோதித்த பிறகு 1-ஐ எடுங்கள், முன்னால் அல்ல.

உங்கள் ஷெட்டில் இருப்பது பெரும்பாலும் வெப் பக்கத்தில் செட் செய்யும் சின்ன ஸ்மார்ட் ஸ்விட்ச்சாக இருக்கலாம். அங்கே அக்சஸ், ட்ரங்க் என்ற பெயர்கள் பல மாடல்களில் இருக்காது. ஒரு பக்கத்தில் ஒவ்வொரு வீலேனுக்கும் ஒவ்வொரு போர்ட்டும் `Tagged`, `Untagged`, `Not Member` என்ற மூன்றில் ஒன்று. இன்னொரு பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் `PVID` என்று ஒரு எண். புதியவர்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டும் வெவ்வேறு திசைக்கானவை. `Tagged`, `Untagged` என்பது ஸ்விட்ச்சிலிருந்து வெளியே போகும் ஃபிரேமுக்கு: எழுதி அனுப்பவா, கழற்றி அனுப்பவா. `PVID` என்பது டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேமுக்கு: இதை எந்த வீலேனில் சேர்க்க? சிஸ்கோவில் `switchport access vlan 20` என்ற ஒரே வரி இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. ஸ்மார்ட் ஸ்விட்ச்சில் நீங்கள் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஆகவே வீலேன் 20-க்கு போர்ட் 1 முதல் 4 வரை `Untagged`, போர்ட் 8 `Tagged`, மற்றவை `Not Member`. வீலேன் 10-க்கு போர்ட் 5 `Untagged`, போர்ட் 8 `Tagged`. அடுத்த பக்கத்தில் 1 முதல் 4 வரை `PVID` 20, போர்ட் 5-க்கு 10. பிறகு வீலேன் 1-க்குத் திரும்பிப்போய், அங்கே 1 முதல் 5 வரையுள்ள போர்ட்களை `Not Member` ஆக்குங்கள். ஆரம்பத்தில் எல்லாப் போர்ட்டும் 1-இல் `Untagged` ஆகத்தான் இருக்கும், எடுக்காவிட்டால் வீலேன் 1-இன் பிராட்காஸ்ட் கேமராக்களுக்கும் வழியும். சில மாடல்களில் `PVID`-ஐ மாற்றாமல் 1-இலிருந்து எடுக்க விடாது, அதனால் இதே வரிசையில் செய்யுங்கள்.

`PVID`-ஐ மறந்தால் வரும் அறிகுறி விநோதமானது. என்விஆரிலிருந்து வருவது கேமராவுக்குப் போய்ச் சேர்கிறது, ஏனென்றால் போர்ட் 3 வீலேன் 20-இன் உறுப்பினர். கேமரா பதில் அனுப்புகிறது, அது உள்ளே நுழையும்போது `PVID` 1 என்பதால் வீலேன் 1-இல் விழுகிறது. போகும் பாதை சரி, திரும்பும் பாதை வேறு ஊருக்கு. கேமராவின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், பிங் பதில் வராது, ஆள் கேமராவைக் கழற்றி வேறு கேமரா மாட்டிப் பார்ப்பார். ஃபைபர் போர்ட்டில் 10, 20 இரண்டையும் `Untagged` ஆக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கும். அப்போது இரண்டும் எழுத்தில்லாமல் வெளியேறுகின்றன. மறுமுனை அதன் `PVID` எதுவோ அந்த ஒரே வீலேனில் இரண்டையும் போட்டுவிடும். ஒரு போர்ட்டில் ஒரு வீலேன் மட்டுமே டேக் இல்லாமல் இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டால் இந்தத் தவறு வராது.

சிஸ்கோ பக்கம் அந்த 'டேக் இல்லாத ஒன்று'க்கு நேட்டிவ் வீலேன் என்று பெயர்; மாற்றாவிட்டால் 1. ட்ரங்க்கின் இரண்டு முனையிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முனையில் 1, மறுமுனையில் 10 என்றால், ஆபீஸின் 1-இல் கிளம்பியது ஷெட்டின் 10-இல் இறங்கும். இரண்டும் சிஸ்கோ என்றால் `Native VLAN mismatch` என்று லாகில் வரும். வேறு வேறு கம்பெனி என்றால் எச்சரிக்கை எதையும் எதிர்பார்க்காதீர்கள், நீங்களே இரண்டு முனையையும் பார்க்க வேண்டும்.

இப்போது கேமரா வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேபிளைத் தொடும் முன் ஆபீஸ் ஸ்விட்ச்சில் ஒரு கட்டளை கொடுங்கள்:

```
show mac address-table interface GigabitEthernet0/24
```

கேமராவின் மேக் முகவரி அதன் உடம்பில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அந்த முகவரி இந்தப் பட்டியலில் வீலேன் 20 என்று தெரிந்தால், ஷெட் ஸ்விட்ச்சும் ஃபைபரும் டேக்கும் சரி. பிரச்சினை என்விஆர் பக்கமோ ஐபி அமைப்போ. முகவரி வீலேன் 1 என்று தெரிந்தால், கேமராவின் ஃபிரேம் ஃபைபரைக் கடந்து வருகிறது, ஆனால் டேக் இல்லாமல் வருகிறது: ஷெட்டில் `PVID`-ஐப் பாருங்கள், பிறகு போர்ட் 8-ஐ. முகவரியே இல்லை என்றால் `show interfaces trunk` கொடுத்து, அனுமதிக்கப்பட்ட பட்டியலில் 20 இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். பேசாமல் இருக்கும் சாதனத்தின் முகவரி வழக்கமாக 5 நிமிடத்தில் அட்டவணையிலிருந்து போய்விடும் என்பதால், சோதிக்கும்போது என்விஆரிலிருந்து கேமராவுக்கு பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும். இந்தக் கட்டளை இல்லாத ஸ்மார்ட் ஸ்விட்ச்சிலும் `MAC Address Table` என்ற பக்கம் பெரும்பாலும் இருக்கும். எடை மேடைக் கணினி பக்கம் சந்தேகம் என்றால் அந்தப் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி ஐபி பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி வரை கேள்வி போகவில்லை. 192.168.20 என்று வந்தால் போர்ட் தவறான வீலேனில் இருக்கிறது. லேப்டாப்பில் வயர்ஷார்க் போட்டு டேக்கைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் பல நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் மேலே கொடுக்கும். அங்கே டேக் தெரியவில்லை என்பதை வைத்து வயரில் டேக் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

ஆபீஸிலிருந்து மேனேஜர் தன் கணினியில் கேமரா பார்க்க வேண்டும் என்பார். கணினி 10-இல், என்விஆர் 20-இல். ஸ்விட்ச் தானாக இவற்றைச் சேர்க்காது, ரவுட்டர் வேண்டும். போர்ட் 23-ஐயும் ட்ரங்க் ஆக்கி, ரவுட்டரில் 10-க்கு 192.168.10.1, 20-க்கு 192.168.20.1 என்று இரண்டு கேட்வே கொடுக்க வேண்டும். இரண்டு வீலேனுக்கும் ஒரே 192.168.1 வரிசையைக் கொடுத்துவிட்டு 'ரவுட்டர் வேலை செய்யல' என்பது வழக்கமான குறை. ஐபி ஒரே வரிசையில் இருந்தால் கணினி கேட்வேயைக் கேட்கவே கேட்காது, என்விஆரைத் தன் வீலேனுக்குள்ளேயே ஏஆர்பியில் தேடிக்கொண்டிருக்கும். ஒரு வீலேனுக்கு ஒரு ஐபி வரிசை. மூன்றாவது எண்ணை வீலேன் எண்ணாகவே வைத்தால் குழப்பம் குறையும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பல ரவுட்டர்கள் இரண்டு கேட்வேயும் அமைந்ததும் 10-க்கும் 20-க்கும் இடையே எல்லாவற்றையும் போக விடும். அப்படி இருந்தால் வீலேன் போட்டதன் பாதிப் பயன் போய்விட்டது. கேமரா வரிசையிலிருந்து ஆபீஸுக்கும் இன்டர்நெட்டுக்கும் புதிதாகத் தொடங்கும் தொடர்பை மறுத்து, ஆபீஸிலிருந்து 192.168.20.5-க்கு மட்டும் அனுமதிக்கும் விதியை ரவுட்டரில் எழுத வேண்டும்.

நடுவில் எவராவது செட்டிங் இல்லாத சாதா ஸ்விட்ச் ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? அக்சஸ் போர்ட்டுக்குப் பின்னால் வைத்தால் பிரச்சினை இல்லை. அதில் செருகும் எல்லாம் அந்த ஒரே வீலேன். ட்ரங்க் பாதையில் வைத்தால், பெரும்பாலானவை டேக் உள்ள ஃபிரேமை அப்படியே கடத்திவிடும், ஆனால் வீலேன் வாரியாகப் பிரிக்காது. எல்லா மாடலும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பி வேலையை ஒப்படைக்கக் கூடாது. ட்ரங்க் பாதையில் அதை வைக்காதீர்கள்.

கடைசியாக, வீலேன் சேர்க்கும் நாளில் நடக்கும் விபத்து ஒன்று. விருந்தினர் வைஃபைக்கு 30 வருகிறது. ஆபீஸ் ஸ்விட்ச்சின் போர்ட் 24-இல் `switchport trunk allowed vlan 30` என்று அடித்தால், இருக்கும் பட்டியலோடு 30 சேராது. பட்டியலே 30 மட்டும் ஆகிவிடும். கேமராக்கள், எடை மேடை, ஷெட் ஸ்விட்ச்சின் நிர்வாகம் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும், ஃபைபர் விளக்கு மட்டும் பச்சையாக எரியும். சரியான வரி இது:

```
switchport trunk allowed vlan add 30
```

பெங்களூரா மாங்காய் லோடு வரும் சீசனில் எடை மேடை அரை மணி நேரம் நின்றால் டிராக்டரும் மினி லாரியும் ரோடு வரை நிற்கும். அதனால் மாற்றத்தை லோடு வராத நேரத்தில் செய்யுங்கள். தூரத்து ஸ்விட்ச்சை முதலில் மாற்றி, அருகில் இருப்பதைக் கடைசியில் மாற்றுங்கள். ஆபீஸ் முனையில் தவறினால் அங்கேயே கன்சோல் கேபிள் போட்டுத் திருத்தலாம், ஷெட் முனையில் தவறினால் நடந்து போக வேண்டும். சிஸ்கோவில் மாற்றத்தைத் தொடங்கும் முன் அந்த ஸ்விட்ச்சில் `reload in 10` கொடுத்து வையுங்கள். `Save?` என்று கேட்டால் `no`. மாற்றம் தவறி இணைப்பு அறுந்தால் 10 நிமிடத்தில் அது பழைய செட்டிங்கோடு தானாக எழும். எல்லாம் சரியாக ஓடினால் `reload cancel` கொடுத்து, கேமரா, எடை மேடை, நிர்வாக ஐபி மூன்றையும் பிங் செய்து பார்த்த பிறகு மட்டும் `copy running-config startup-config` கொடுங்கள். வெப் பக்கம் உள்ள ஸ்மார்ட் ஸ்விட்ச்களில் சில மாடல்கள் `Apply` தட்டியதும் நிரந்தரமாகச் சேமிக்கும், சிலவற்றில் தனியாக `Save` தட்ட வேண்டும். தட்டாமல் வந்துவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாப் போர்ட்டும் வீலேன் 1-க்குத் திரும்பியிருக்கும். உங்கள் மாடல் எந்த வகை என்று, ஷெட்டை விட்டு வருவதற்கு முன் ஒருமுறை ஸ்விட்ச்சை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.